குப்பத்தில் உறையும் தண்ணீர்

குப்பத்தில் தண்ணீர் உறைந்து நான் பார்த்ததெல்லாம் மெஷினுக்குள்தான். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் போர்வை இல்லாமல் வெளியே வர முடியாது என்றாலும், வாளித் தண்ணீர் பனிக்கட்டியாகும் ஊர் இல்லை இது. ஆனால் சித்திரை வெயில் கொளுத்தும்போது மொட்டை மாடியில் நிற்கிற சின்ன சில்லர் ‘ஃப்ரீஸ்’ என்று அலாரம் காட்டிவிட்டு நின்றுவிடும். வெளியே 38 டிகிரி வெயிலில் எதுதான் உறையும் என்று கட்டடக்காரர் கேட்பார். கேட்பது நியாயம்தான்.

உறைவது வெளியே இல்லை. 20 டன் ஏர் கூல்டு சில்லர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தண்ணீரைக் குளிர வைக்கும் பாகம் ஒரு பிளேட் எக்ஸ்சேஞ்சர். மெல்லிய ஸ்டீல் தகடுகளை வரிசையாக அடுக்கி, செம்பால் பற்றவைத்து ஒரே கட்டியாக்கியிருப்பார்கள். தகடுகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சந்து. ஒரு சந்தில் காஸ், அடுத்த சந்தில் தண்ணீர், மறுபடி காஸ். தண்ணீர் 12 டிகிரியில் உள்ளே வந்து 7 டிகிரியில் வெளியேறும். அந்த 7 டிகிரியை எட்ட, காஸ் 3, 4 டிகிரியில் கொதிக்க வேண்டும். பூஜ்யத்துக்கும் மெஷின் வேலை செய்யும் இடத்துக்கும் இருக்கிற இடைவெளி அவ்வளவுதான். தண்ணீர் வேண்டிய வேகத்தில் ஓடும்வரை அந்த இடைவெளி நிற்கும். ஓட்டம் குறைந்தால் காஸ் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். வெளியே என்ன வெயில் அடித்தாலும் அது தகட்டுக்குத் தெரியாது.

அதனால்தான் இந்த மெஷின்களுக்கு இரண்டு காவல். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கிற ஃப்ளோ சுவிட்ச் ஒன்று. வெளியேறும் தண்ணீர் 4 டிகிரிக்கு வந்தால் கம்ப்ரசரை நிறுத்துகிற ஃப்ரீஸ் கட்-அவுட் இன்னொன்று. இந்த இரண்டு அலாரத்தையும் தனித்தனி நோயாக நினைத்து ஒன்றுக்கு எலக்ட்ரீஷியனையும் மற்றதற்கு காஸ் மெக்கானிக்கையும் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது எப்படி என்று ஒரு கட்டடத்தை வைத்துச் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள மூன்று அடுக்குக் கட்டடம் அது. தரைத்தளத்தில் துணிக்கடை, முதல் மாடியில் நகைக்கடை. இரண்டாவது மாடி வெறுமனே கிடந்தது, அந்த வருஷம்தான் ஒரு கோச்சிங் சென்டருக்கு வாடகைக்கு விட்டு, ஏசி லைனை அங்கேயும் நீட்டியிருந்தார்கள். மேலே 20 டன் சில்லர், இரண்டு ஸ்க்ரோல் கம்ப்ரசர், ஆர்-410ஏ காஸ். பக்கத்தில் 2 குதிரைசக்தி பம்ப். ஆபரேட்டர் பையன் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவான்.

“அண்ணா, காலைல பதினொரு மணி வாக்குல ஃப்ரீஸ்னு நிக்குது. மத்தியானம் பூரா நல்லா ஓடுது. சாயந்தரம் நகைக்கடை மூடினதும் ஃப்ளோன்னு நிக்குது. ரீசெட் பண்ணா திரும்ப ஓடுது.”

இந்த நான்கு வாக்கியத்தில் பாதி விடை இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் வந்துபோன மெக்கானிக் சக்‌ஷன் பிரஷரை மட்டும் பார்த்துவிட்டு, காஸ் குறைந்திருக்கிறது, ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஃப்ளோ சுவிட்ச் பழசாகிவிட்டது, டைரக்ட் பண்ணிவிடலாம் என்றும் யோசனை சொல்லியிருந்தார். கட்டடக்காரரும் அதற்குத் தயாராக இருந்தார். “சீசன் நேரம் சார், எப்படியாவது ஓடணும்” என்றார்.

சக்‌ஷன் பிரஷர் குறைவாக இருந்தது உண்மை. நான் பார்த்தபோது 95 பிஎஸ்ஐ. ஆர்-410ஏ காஸுக்கு 101 பிஎஸ்ஐ என்பது பூஜ்யம் டிகிரி. அப்படியானால் 95-ல் காஸ் மைனஸ் ஒன்றரையில் கொதிக்கிறது. ஆனால் சக்‌ஷன் இறங்குவதற்குக் காஸ் குறைவும் காரணமாகலாம், தண்ணீர் குறைவும் காரணமாகலாம். கேஜ் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பிரித்துக் காட்டுவது தண்ணீரின் டெம்பரேச்சர் வித்தியாசம். காஸ் குறைந்தால் மெஷின் குளிர்விக்கிற சக்தியே குறைகிறது. அதனால் உள்ளே வரும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் வித்தியாசம் சுருங்கி 5 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 3 இருக்கும். கூடவே சூப்பர்ஹீட் ஏறும், சைட் கிளாஸில் குமிழ் ஓடும். தண்ணீர் குறைந்தால் நேர் எதிர். கொஞ்சத் தண்ணீரே அத்தனை குளிரையும் வாங்கிக்கொள்வதால் வித்தியாசம் விரியும்.

பைப்பில் இருந்த தெர்மோமீட்டர் குழியில் எண்ணெய் விட்டு, டிஜிட்டல் புரோபை இறக்கிப் பார்த்தேன். உள்ளே 13.2, வெளியே 4.8. வித்தியாசம் 8.4 டிகிரி. சூப்பர்ஹீட் ஐந்தரை டிகிரி, சைட் கிளாஸ் தெளிவாக இருந்தது. காஸ் சரியாகத்தான் இருந்தது. இந்த மெஷினில் காஸ் ஏற்றியிருந்தால் காலை அலாரம் போயிருக்காது. அதற்கு மேல் மத்தியான வெயிலில் ஹை பிரஷர் டிரிப் என்று புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கும்.

எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்க ஃப்ளோ மீட்டர் தேவையில்லை. பிளேட் எக்ஸ்சேஞ்சரே ஒரு மீட்டர். கம்பெனி கொடுத்த தாளில் நிமிஷத்துக்கு 200 லிட்டர் ஓடினால் எக்ஸ்சேஞ்சருக்கு முன்னும் பின்னும் 0.40 கிலோ பிரஷர் வித்தியாசம் இருக்கும் என்று போட்டிருந்தது. நான் எப்போதும் ஒரே கேஜை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பார்ப்பேன். இரண்டு கேஜ் வைத்தால், கேஜுக்குக் கேஜ் இருக்கிற பிசகே நாம் தேடுகிற வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டு டேப்பிங்கும் ஒரே உயரத்தில் இல்லையென்றால், ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 கிலோ கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சரிபார்த்துப் போட்டபோது வந்தது 0.12 கிலோ.

பிரஷர் வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கப்படி ஏறி இறங்கும். 0.12-ஐ 0.40-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.55. ஆகவே 200-க்குப் பதில் 110 லிட்டர்தான் ஓடுகிறது. இதை இன்னொரு வழியிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி 50-ஆல் வகுத்தால் டன் கிடைக்கும். 110-ஐ 8.4-ஆல் பெருக்கி வகுத்தால் பதினெட்டரை டன். சக்‌ஷன் இறங்கிய 20 டன் மெஷின் அந்த அளவு தருவது பொருத்தம்தான். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் 110 என்ற எண்ணை நம்பினேன்.

இங்கே இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது. எக்ஸ்சேஞ்சருக்குள்ளேயே அடைப்பு இருந்தால், தண்ணீர் குறைவாக ஓடும்போதும் அதன் குறுக்கே வித்தியாசம் கூடுதலாக இருக்கும். இங்கே ஓட்டமும் குறைவு, வித்தியாசமும் குறைவு. எனவே எக்ஸ்சேஞ்சர் சுத்தம், அடைப்பு வேறெங்கோ. இந்த ஒரு அளவை எடுக்காமல் எக்ஸ்சேஞ்சருக்குள் ஆசிட் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பையன் சொன்ன நேரக்கணக்கும் இப்போது புரிந்தது. அந்த மெஷினின் கன்ட்ரோல் ரிட்டர்ன் தண்ணீரைப் பார்த்து ஓடுவது. ரிட்டர்ன் 12 டிகிரிக்கு வரும்வரை கம்ப்ரசரை விடாது. சரியான ஓட்டம் இருந்தால் ரிட்டர்ன் 12-ல் இருக்கும்போது வெளியேறும் தண்ணீர் 7. ஓட்டம் பாதியானதும் ரிட்டர்ன் 12-ஐ எட்டும் முன்பே, பன்னிரண்டரை வாக்கில், வெளியேறும் தண்ணீர் 4-ஐத் தொட்டுவிடுகிறது. காலையில் கடை திறந்து, பைப்பில் இருக்கும் சூட்டுத் தண்ணீரையெல்லாம் மெஷின் இழுத்துக் குளிர்வித்து முடிக்கிற நேரம் பதினொரு மணி. டிரிப் அப்போதுதான். மத்தியானம் ஆட்கள் கூட்டம், வெயில், எல்லாம் சேர்ந்து ரிட்டர்ன் 15, 16 என்றே நிற்பதால் வெளியேறுவது ஆறரைக்குக் கீழே போகாது. நல்ல வெயிலில் ஓடுகிற மெஷின் காலையில் ஏன் நிற்கிறது என்று எல்லாரும் குழம்பியது இதனால்தான்.

அடைப்பு எங்கே என்று தேட பம்பிலிருந்து ஆரம்பித்தேன். பம்பின் பிளேட்டில் 3.3 ஆம்பியர் என்று இருந்தது, கிளாம்ப் மீட்டர் 2.4 காட்டியது. லைன் அடைத்தால் பம்ப் திணறி அதிக கரண்ட் எடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சென்ட்ரிஃபூகல் பம்பில் அது தலைகீழ். தள்ளுகிற தண்ணீர் குறைந்தால் வேலையும் குறைவு, கரண்டும் குறையும். பம்பின் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 2.3 கிலோ, அது 200 லிட்டரில் இருக்க வேண்டிய 2 கிலோவைவிடக் கூடுதல். அப்படியானால் பம்ப் நல்ல பம்ப், தன் வேலையைச் செய்கிறது. அதற்குப் பிறகு எங்கோ வழி குறுகியிருக்கிறது. பிரஷர் குறைவாக இருந்திருந்தால் வேறு பக்கம் தேடியிருப்பேன். மோட்டாரை ரீவைண்டிங் பண்ணித் திரும்பப் பொருத்தும்போது இரண்டு ஃபேஸ் மாறிப்போய்ப் பம்ப் தலைகீழாகச் சுற்றுவது எங்கள் ஊரில் சகஜம். தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

பம்புக்கும் சில்லருக்கும் நடுவே ஒரு ஒய்-ஸ்ட்ரெய்னர். அதன் முன்னும் பின்னும் கேஜ் போட்டேன். வித்தியாசம் 1.7 கிலோ. சுத்தமான ஸ்ட்ரெய்னரில் 0.1-க்கு மேல் இருக்கவே கூடாது. பம்ப் உண்டாக்குகிற பிரஷரில் முக்கால்வாசி அந்த ஒரு சல்லடையில் வீணாகிக்கொண்டிருந்தது.

பம்பை நிறுத்தி, இரண்டு பக்க வால்வையும் மூடி, டிரெயின் பிளக்கைத் திறந்து தண்ணீர் வடிந்ததும் மூடியைக் கழற்றினோம். சல்லடை எளிதில் வெளியே வரவில்லை. உள்ளிருந்து தள்ளிய பிரஷரில் அது வெளிப்பக்கமாகப் புடைத்து உடம்போடு பிடித்திருந்தது. பிடுங்கி எடுத்தபோது உள்ளே கறுப்பும் சாம்பலுமாக ஒரு பிண்டம். விரலால் பிரித்துப் பார்த்தேன். முதலில் வந்தது சணல், திரெட்டில் சுற்றுகிற நார். அதோடு வெள்ளை டெஃப்லான் டேப் துண்டுகள், வெல்டிங் கசடு மணிமணியாக. இவற்றையெல்லாம் ஒட்டவைத்தது ஒரு சாம்பல் நிறக் களிமண் போன்ற பொருள். விரல் நடுவே தேய்த்தால் நறநறத்தது. குப்பத்துக்காரனுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, கிரானைட் தூள்.

ஊரைச் சுற்றி கிரானைட் குவாரியும் பாலிஷ் பட்டறையும் இருந்தாலும் இந்தத் தூள் அங்கிருந்து பறந்து வந்ததில்லை. கோச்சிங் சென்டருக்குத் தரை போட்டபோது, கல்லை மாடியிலேயே கட்டர் வைத்து அறுத்திருக்கிறார்கள். அதே வாரம் ஏசி பைப் போட்டவர்கள் இணைப்புக் கொடுக்காத பைப் வாய்களை மூடாமல் விட்டிருக்கிறார்கள். கிரானைட் தூள் தனியாக வந்திருந்தால் சல்லடைக் கண்ணில் நுழைந்து போய்க்கொண்டே இருந்திருக்கும். முதலில் சணல் வந்து குறுக்கே படிந்து, அந்த நாருக்குள் தூள் சிக்கி இறுகிவிட்டது. டீ வடிகட்டியில் பால் ஆடை படிந்த பிறகு டீத்தூள் அடைக்கிற மாதிரி. புது லைனை இணைக்கும் முன்பு சில்லரைத் தனியாகத் தடுத்துவிட்டு, லைனை மட்டும் அலசி வெளியே விட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

அதைத்தான் இப்போது செய்தோம். சில்லரின் இரண்டு வால்வையும் மூடி, வெளியே ஒரு தற்காலிகப் பைப்பால் போகிற வழியையும் வருகிற வழியையும் இணைத்து, புது மாடி வால்வுகளை முழுவதும் திறந்து பம்பை ஓட்டினோம். அரைமணிக்கொரு முறை சல்லடையை எடுத்துக் கழுவி, அடியில் இருந்து தண்ணீரை வெளியே விட்டு, மறுபடி நிரப்பினோம். சல்லடை சுத்தமாக வரும்வரை சில்லரைத் திறக்கவில்லை. கடைக்காரர்களுக்கு அந்த இரவு பொறுமை போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மில்லிமீட்டர் சந்துக்குள் இந்தக் குப்பை போனால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. மறுநாள் எக்ஸ்சேஞ்சரின் குறுக்கே 0.38 கிலோ, தண்ணீர் வித்தியாசம் 5.1 டிகிரி, சக்‌ஷன் 115 பிஎஸ்ஐ, அது மூன்றரை டிகிரிக்கு மேல். ஒரு கிராம் காஸ்கூட ஏற்றவில்லை.

காலை அலாரம் நின்றது. சாயந்தர அலாரம் நிற்கவில்லை.

கட்டடக்காரர் மறுபடி ஃப்ளோ சுவிட்சை டைரக்ட் பண்ணும் பேச்சை எடுத்தார். அதற்கு நான் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. திருப்பதியில் ஒரு லாட்ஜில், இரண்டு அங்குல ஒயர் ஒன்றால் ஃப்ளோ சுவிட்சின் இரண்டு டெர்மினலையும் இணைத்துவிட்டிருந்தார்கள். ஒரு இரவு பம்ப் நின்றது, கம்ப்ரசர் நிற்கவில்லை. ஃப்ரீஸ் சென்சார் இருந்தது. ஆனால் அது இருப்பது வெளியேறும் பைப்பில். தண்ணீர் ஓடாதபோது அந்தப் பைப்பில் இருக்கிற தண்ணீருக்கு உள்ளே நடப்பது தெரியாது. பைப்பில் 10 டிகிரி இருக்கும்போதே எக்ஸ்சேஞ்சருக்குள் பனி கட்டிவிட்டது. தண்ணீர் பனியாகும்போது ஒன்பது சதவீதம் போல் விரிகிறது, அந்த விரிவைத் தாங்க அங்கே இடமில்லை. செம்புப் பற்று விட்டுப்போய், காஸ் சுற்றுக்குள் தண்ணீர் ஏறியது. மறுநாள் நான் போனபோது சைட் கிளாஸில் ஈரம் காட்டுகிற புள்ளி மஞ்சளாக இருந்தது, கம்ப்ரசர் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. எக்ஸ்சேஞ்சர், கம்ப்ரசர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாமே மாற்ற வேண்டியதாயிற்று. ஃப்ளோ சுவிட்சும் ஃப்ரீஸ் கட்-அவுட்டும் ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தண்ணீர் ஓடும்போதுதான் இரண்டாவது காவலுக்குக் கண் தெரியும்.

கிளைகால் ஊற்றினால் உறையாதே என்றும் கட்டடக்காரர் கேட்டார். உறையாதுதான். ஆனால் கிளைகால் கலந்த தண்ணீர் கெட்டி, அதே பம்பால் அதைக் குறைவாகத்தான் தள்ள முடியும், சூட்டைச் சுமக்கும் சக்தியும் கொஞ்சம் குறையும். வெளியே தண்ணீர் உறையாத ஊரில், ஓட்டக் குறைவை மறைக்க அதை ஊற்றுவதை நான் ஏற்கவில்லை.

சாயந்தரம் நகைக்கடை மூடியதும் மேலே போய் அளந்தேன். எக்ஸ்சேஞ்சரின் குறுக்கே 0.06 கிலோ, கணக்குப்படி நிமிஷத்துக்கு 77 லிட்டர். சுவிட்ச் கெட்டுப்போகவில்லை, உண்மையைத்தான் சொன்னது. எல்லா ஃபேன் காயிலிலும் டூ-வே வால்வு. அறை குளிர்ந்தாலோ சுவிட்சை அணைத்தாலோ வால்வு மூடிக்கொள்ளும். முன்பு கீழ் இரண்டு தளத்தில் பாதி காயிலுக்கு வால்வே இல்லாமல் எப்போதும் திறந்திருந்ததால் தண்ணீருக்கு வழி இருந்தது. புது வேலையின்போது கரண்ட் மிச்சமாகட்டும் என்று அவற்றுக்கும் வால்வு போட்டிருக்கிறார்கள். வால்வு போட்டது தப்பில்லை. எல்லாம் மூடும்போது தண்ணீர் எந்த வழியில் திரும்பி வரும் என்று யோசிக்கவில்லை, அதுதான் குறை.

சப்ளை ஹெடருக்கும் ரிட்டர்ன் ஹெடருக்கும் நடுவே ஒன்றரை அங்குல பைபாஸ் லைன் போட்டு, பிரஷர் வித்தியாசம் ஏறினால் தானே திறக்கிற வால்வு ஒன்றை அதில் வைத்தோம். அதை சில்லர் பக்கத்திலேயே வைக்காமல் லைனின் கடைசியில், கோச்சிங் சென்டர் பக்கம் வைத்தேன். அப்படி வைத்தால் சுற்றுகிற தண்ணீரின் அளவு கூடுதலாக இருக்கும், கம்ப்ரசர் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆன் ஆஃப் ஆகாது. இரண்டே காயில் திறந்திருக்கும்போது எக்ஸ்சேஞ்சரின் குறுக்கே 0.22 கிலோ வரும்படி ஸ்பிரிங்கைத் திருகினேன். அது 148 லிட்டர்.

பிறகு ஃப்ளோ சுவிட்சை செட் பண்ணினோம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு திருகக்கூடாது. கம்ப்ரசரை நிறுத்தி, பம்பை மட்டும் ஓட்டி, வெளியேறும் வால்வை மெதுவாக மூடிக்கொண்டே வந்து, எக்ஸ்சேஞ்சரின் குறுக்கே 0.14 கிலோ, அதாவது 118 லிட்டர், வந்த இடத்தில் நிறுத்தினேன். பையன் டெர்மினலில் மீட்டர் வைத்துக்கொண்டு நின்றான். சுவிட்ச் திறக்கும்வரை ஸ்க்ரூவைத் திருகி, அங்கேயே பூட்டினோம். பழைய செட்டிங் 100 லிட்டரைச் சுற்றி இருந்திருக்கிறது, அதனால்தான் காலையில் 110 லிட்டர் ஓடியபோது அது வாய் திறக்காமல் ஃப்ரீஸ்வரை போகவிட்டது. இப்போது ஸ்ட்ரெய்னர் மறுபடி அடைக்க ஆரம்பித்தால், முதலில் ஃப்ளோ அலாரம்தான் வரும்.

பையனிடம் லாக் புக்கில் தினமும் மூன்று எண்கள் எழுதச் சொன்னேன். ஸ்ட்ரெய்னரின் குறுக்கே பிரஷர், எக்ஸ்சேஞ்சரின் குறுக்கே பிரஷர், தண்ணீர் வித்தியாசம். எழுதுவது கம்ப்ரசர் இரண்டும் ஓடுகிற மத்தியான நேரத்தில் மட்டும், ஏனென்றால் ஒரு கம்ப்ரசர் ஓடும்போது எடுத்த 2.5 டிகிரியைப் பார்த்து யாராவது காஸ் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஸ்ட்ரெய்னரில் 0.3 கிலோ வந்தால் என்னைக் கேட்காமலே கழுவிவிடலாம் என்று சொல்லியிருந்தேன். அடுத்த தடவை நான் போனபோது அந்தப் பக்கங்களில் எண் 0.1-லிருந்து மெல்ல ஏறி 0.25 வரை வந்து, மறுநாள் 0.1 என்று இறங்கியிருந்தது. பக்கத்தில் தெலுங்கில் ‘கழுவியாச்சு’ என்று எழுதி, தேதி போட்டிருந்தான்.